கட்-ஆஃப் கோட்டுக்கு இருபுறமும்: இடஒதுக்கீடு பற்றிய கேள்வி பதில்

முப்பது வருடம் அரசுக் கலைக் கல்லூரிகளில் சமூகவியல் நடத்தினேன். அதில் பத்துப் பன்னிரண்டு வருடம் சேர்க்கைக் குழுவிலும் இருந்து இனச்சுழற்சிப் பட்டியலைக் கையால் எழுதியிருக்கிறேன். நான் இடஒதுக்கீட்டை ஆதரிப்பவள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடிக்காத ஆய்வு முடிவுகளும் இருக்கின்றன, அவற்றையும் மறைக்கப் போவதில்லை.

சரவணன், நாமக்கல்: தமிழ்நாட்டில் 69 சதவீதம் போக மீதி 31 எஃப்சிக்கு. அந்த 31-லும் பிசி, எம்பிசி ஆட்கள் நுழைகிறார்கள். இது எப்படி நியாயம்?

69 என்பது சரி. 31 பற்றி நீங்கள் நினைப்பது தவறு. அது யார் பெயருக்கும் எழுதி வைத்ததல்ல, பொதுப் போட்டி, பட்டியலில் ஓசி என்று எழுதுவது.

100 இடம் உள்ள ஒரு பாடப்பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் வரிசையில் எல்லா விண்ணப்பங்களும் ஒரே பட்டியலில் இருக்கும். முதல் 31 பேரை, சாதிப் பத்தியைப் பார்க்காமல் எடுக்க வேண்டும். நான் ஒரு அட்டையை வைத்து அந்தப் பத்தியை மறைத்துக்கொண்டுதான் எண்ணுவேன். பழக்கதோஷத்தில் கண் அங்கே போய்விடும் என்ற பயம். முப்பத்தொன்று முடிந்ததும் அட்டையை எடுத்துவிட்டு, மீதி உள்ளவர்களிலிருந்து பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, எம்பிசி மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1 என்று நிரப்புவோம். அந்த 18-க்குள் 3 அருந்ததியருக்கு.

தவறு நடப்பது எங்கே என்றால், 12-ஆவது ரேங்க் எடுத்த பிசி பெண்ணை "பிசிதானே" என்று பிசி கணக்கில் எழுதிவிடுவது. அப்படி எழுதினால் பிசி பட்டியலின் அடியில் ஒரு பிள்ளை வெளியே போய்விடும். கைதூக்கிவிட வந்த ஒதுக்கீடு, இதற்கு மேல் ஏறாதே என்று தலையில் அடிக்கும் கூரையாக மாறிவிடும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரே பாடப்பிரிவில் பிசி கட்-ஆஃப், ஓசி கட்-ஆஃபைவிட அதிகமாக இருக்கவே முடியாது. அதற்கு மேல் எடுத்தவர்கள் எல்லாம் ஓசியில் ஏற்கெனவே போயிருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் யாரோ பத்தி மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரு வருடம் எங்கள் பட்டியலிலேயே நாலு பேர் அப்படி விழுந்திருந்தார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கண்ணில் பட்டது. மறுநாள் ஒட்டவிருந்த பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம்.

ஒரு தந்தை, கோவை: என் மகளுக்கு நாலு மார்க்கில் மெடிக்கல் சீட் போனது. அவளைவிட எண்பது மார்க் குறைந்த பையன் உள்ளே இருக்கிறான். நாங்கள் வாடகை வீட்டுக்காரர்கள், எங்களிடம் சாதியைத் தவிர வேறு எதுவும் இல்லை. நீங்கள் எந்தப் புள்ளிவிவரம் சொன்னாலும் என் மகளுக்கு ஆறுதல் ஆகுமா?

ஆகாது சார். உங்கள் மகள் இழந்தது நிஜமான இழப்பு. அதை இல்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் "அந்தப் பையன் இருக்கிற இடம் என் மகளுடையது" என்பதை மட்டும் ஒருமுறை கணக்காகப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பேச்சுக்கு, 100 இடத்தில் ஒதுக்கீட்டை முழுக்க எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக உள்ளே வரும் 100 பேரில் 80 பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு பட்டியலில் உள்ளே இருந்தவர்கள்தான் என்றால், கை மாறுவது 20 இடம். ஆனால் அந்த 20 இடத்துக்கு எட்டிப்பிடிக்கும் தூரத்தில் 500 பேர் இருப்பார்கள். இன்று அந்த 500 வீட்டிலும் "நம் இடம் போச்சு" என்ற பேச்சு ஓடும். உண்மையில் போனது 20 வீட்டில். உங்கள் மகள் அந்த இருபதில் ஒருத்தியாகவும் இருக்கலாம், நாலு மார்க் வித்தியாசம் என்பதால் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனால்தான் இழப்பு நிஜம் என்றேன்.

இதைச் சும்மா வாதமாக விடாமல் ஆளாளாகப் போய்த் தேடிப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. மரியான் பெர்ட்ராண்ட், ரெமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன் என்ற மூவர் செய்தது, 2010-இல் வெளிவந்தது. மூவரும் பொருளாதாரத் துறை என்றாலும் நாங்கள் வகுப்பில் பாடமாகவே வைத்திருந்தோம். இந்திய மாநிலம் ஒன்றில் 1996-இல் பொறியியல் நுழைவுத் தேர்வு எழுதியவர்களின் மதிப்பெண் பட்டியலை எடுத்தார்கள். ஒவ்வொரு சாதிப் பிரிவுக்கும் ஒரு கட்-ஆஃப் கோடு இருக்கிறது அல்லவா, அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்து உள்ளே போனவர்களையும், சற்று கீழே இருந்து வெளியே நின்றவர்களையும் எட்டு, பத்து வருடம் கழித்து வீடு தேடிப்போய்ச் சந்தித்தார்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் குடும்பமும் படிப்பும் ஏறத்தாழ ஒன்று, பிரிப்பது சில மதிப்பெண்தான். பிறகு வாழ்க்கையில் தெரிகிற வித்தியாசத்தை அந்த சீட்டின் கணக்கில் எழுதலாம்.

அவர்கள் கண்டதில் உங்கள் பக்கத்துக்கும் உண்டு, என் பக்கத்துக்கும் உண்டு. ஒதுக்கீட்டில் உள்ளே போன பிள்ளைகள், குறைந்த மதிப்பெண்ணோடு போனாலும், நன்றாகவே சம்பாதித்தார்கள். படிப்பு வீணாகவில்லை. அவர்கள் வந்த வீடுகள், அவர்களால் இடம் இழந்தவர்களின் வீடுகளைவிட வசதி குறைந்தவை. அதாவது "பணக்கார எஸ்சி, ஏழை எஃப்சியின் இடத்தைப் பறிக்கிறார்" என்பது சில வீடுகளில் உண்மை, மொத்தக் கூட்டத்தில் உண்மையில்லை. அதே சமயம் இடம் இழந்த உயர்சாதிப் பிள்ளைகளின் வருமான இழப்பும் சின்னதல்ல, ரூபாயில் பார்த்தால் உள்ளே போனவர்களின் லாபத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம் என்று அவர்களே எழுதினார்கள். இன்னொன்று, ஒதுக்கீட்டால் வகுப்பில் பெண்களின் பங்கு குறைந்தது. உள்ளே வந்தவர்கள் பெரும்பாலும் பையன்கள், வெளியே நின்றவர்களில் பெண்கள் அதிகம். இந்த முடிவு எனக்கு வருத்தம் தந்தது. ஆனாலும் வருடா வருடம் இதையும் சேர்த்தேதான் நடத்தினேன்.

நிவேதா, ஆராய்ச்சி மாணவி, சென்னை: கோட்டுக்கு இருபுறமும் ஒப்பிடும் ஆய்வு, கோட்டின் பக்கத்தில் நிற்பவர்களைப் பற்றி மட்டும்தானே பேசும் மேடம்? ஒதுக்கீடு இருக்கிறது என்று தெரிந்ததால் பள்ளியை விடாமல் படித்தவர்கள் அந்தக் கணக்கிலேயே வர மாட்டார்கள். நூறு வருட ஒதுக்கீட்டை எதோடு ஒப்பிடுவது?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாய் அம்மா. தேர்வு எழுதும் அளவுக்கு வந்தவர்களிலிருந்துதான் அந்த ஆய்வு தொடங்குகிறது. எட்டாம் வகுப்பில் "படிச்சு என்ன ஆகப்போகுது" என்று நின்றுவிடாமல், எதிர்வீட்டு அண்ணன் வாத்தியார் வேலைக்குப் போனதைப் பார்த்துத் தொடர்ந்து படித்த பையன் அதில் இல்லை.

தமிழ்நாட்டை அப்படியே எடுத்து ஒப்பிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1921-இல் நீதிக்கட்சி அரசின் வகுப்புவாரி ஆணை, 1928 முதல் நடைமுறை, 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் அது விழுந்தது, அந்த வருடமே ஒதுக்கீட்டுக்கு இடம் கொடுத்து அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம். இதே நூறு வருடத்தில்தான் காமராசர் காலத்துப் பள்ளிக்கூடங்களும் சத்துணவும் பேருந்தும் வந்தன. எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க, ஒதுக்கீடே இல்லாத இன்னொரு தமிழ்நாடு நம்மிடம் இல்லை. "தமிழ்நாடு முன்னேறியதே இடஒதுக்கீட்டால்தான்" என்று மேடையில் சொல்லும்போது நானும் கை தட்டியிருக்கிறேன். ஆய்வேட்டில் அப்படி எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நீ கேட்கும் கேள்விக்குப் பக்கத்தில் வருவது கசான் என்ற ஆய்வாளர் செய்தது. ஒரு காலத்தில் ஒரே மாநிலத்தில் ஒரே சாதி, ஒரு பகுதியில் பட்டியலில் இருக்கும், அடுத்த பகுதியில் இருக்காது. நம் ஊரிலேயே மிச்சம் இருக்கிறது. வண்ணார் சமூகம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் பட்டியல் சாதி, மற்ற ஊர்களில் எம்பிசி. பழைய சமஸ்தான எல்லை சாதிச் சான்றிதழில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 1976-இல் நாடாளுமன்றம் இந்தப் பகுதி வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றை நீக்கிப் பட்டியலை மாநிலம் முழுக்க ஒன்றாக்கியது. அதனால் அதே சாதியில் சிலருக்குப் பழைய காலத்திலிருந்தே ஒதுக்கீடு, சிலருக்குப் புதிதாக ஒதுக்கீடு என்று இரண்டு கூட்டம் கிடைத்தது. சாதி ஒன்று, மாநிலம் ஒன்று, உரிமை வந்த காலம் மட்டும் வேறு. புதிதாக வந்தவர்களில் ஆண்களின் படிப்பு உயர்ந்தது. பெண்களின் படிப்பில் மாற்றம் தெரியவில்லை. மறுபடியும் பெண்கள்.

இதற்குக் காரணம் என்ன என்பதில் நானே தெளிவாக இல்லை. அரசு வேலை ஆணுக்குத்தான் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வீட்டுக்குள் இருந்திருக்கலாம். உன் ஆராய்ச்சிக்குத் தலைப்பு தேடுகிறாய் என்றால், நம் மாநிலத்தில் பெண்களுக்கு அரசு வேலையில் 30 சதவீதம் வந்த பிறகு இது மாறியதா என்று பார்.

முருகேஷ், விருதுநகர்: கலெக்டர் மகனுக்கும் ஒதுக்கீடு, கூலிக்காரர் மகனுக்கும் அதே ஒதுக்கீடு. சாதியை விட்டுவிட்டு வருமானத்தைப் பார்த்தால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடாதா?

முதல் பாதி நியாயமான கேள்வி. இரண்டாம் பாதியை நம் மாநிலம் ஒருமுறை செய்து பார்த்தது. 1979-இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு கிடையாது என்று ஆணை போட்டது. எதிர்ப்புக் கிளம்பியது. 1980 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தது இரண்டு இடம். ஆணை போனது, 31 சதவீதமாக இருந்த பிசி ஒதுக்கீடு 50 ஆனது. இது வெறும் ஓட்டுக் கதையாகச் சொல்லப்படுகிறது. ஆனால் உள்ளே ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. வருமானச் சான்றிதழ் யாரைப் பிடிக்கும்? சம்பளச் சீட்டு உள்ள குமாஸ்தாவை. இருபது ஏக்கர் தோப்பு வைத்திருப்பவர் எண்பதாயிரம் வருமானம் என்று சான்றிதழோடு வந்து என் மேசை முன் நின்றிருக்கிறார், கையில் மோதிரம் இரண்டு. தலைமை எழுத்தர் மகளுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கவில்லை.

வருமானம் பார்த்தால் சாதி தீருமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் 2005 அக்டோபர் தொடங்கி 66 வாரம், தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி சமம், ஆள் பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒன்று. விண்ணப்பத்தில் வறுமை எங்கும் தெரியாது, பெயர் தெரியும். நம் ஊரில் சாதிப் பெயர் போடுவதில்லை என்பதால் இதே சோதனையை அப்படியே செய்ய முடியாது. இங்கே அந்த வேலையைச் செய்வது "சொந்த ஊர் எது, எந்தத் தெரு" என்ற கேள்வி.

ஆனால் உங்கள் முதல் பாதி நிற்கிறது. ஒரே பட்டியலுக்குள் முந்தியவர் பிந்தியவர் உண்டு. இதற்கு எனக்கு நம்பிக்கை தந்த பதில் அருந்ததியர் உள் ஒதுக்கீடு. துப்புரவு வேலையிலும் தோல் வேலையிலும் தள்ளி வைக்கப்பட்ட சமூகம், 18 சதவீதத்துக்குள் மற்ற பட்டியல் சாதியினரோடு போட்டி போட்டுப் பின்தங்கியே இருந்தது. நீதிபதி ஜனார்த்தனம் குழு பரிந்துரைத்தது, 2009-இல் 3 சதவீதம் சட்டமானது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர், மாநிலங்கள் இப்படி உள் ஒதுக்கீடு செய்யலாம் என்றார்கள். 2009-க்கு முன் எங்கள் கல்லூரியில் அருந்ததியர் பிள்ளைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பிறகு வந்த முதல் ஆண்டில் ஒரு பெண், அப்பாவோடு வந்தாள். அப்பா நகராட்சிச் சீருடையோடு வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்று மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

கலெக்டர் மகனை நிறுத்த வேண்டுமா என்பதில் என் எண்ணம் இன்னும் முடியவில்லை. வசதி கூடியவர்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கும் கிரீமி லேயர் வரம்பை மத்திய அரசு ஓபிசிக்கு வைத்திருக்கிறது, தமிழ்நாட்டில் கிடையாது. பட்டியல் சாதிக்கும் வைக்கலாம் என்று அதே 2024 தீர்ப்பில் சில நீதிபதிகள் எழுதினார்கள். என் தயக்கம் ஒன்றுதான்: அவர் மகனை வெளியே எடுத்தால் அந்த இடத்துக்குக் கூலிக்காரர் மகன் வந்து சேர்கிறானா, அல்லது "தகுதியானவர் இல்லை" என்று இடம் காலியாகக் கிடக்குமா? உயர் பதவிகளில் இரண்டாவதுதான் நடக்கும் என்று பயப்படுகிறேன். என் தம்பி இதில் எனக்கு நேர் எதிர். பொங்கலுக்கு வந்தால் இதே சண்டை.

சுந்தரராமன், திருச்சி: எதிர்ப்பவர்களில் யாருடைய வாதத்தையாவது நீங்கள் மதிப்பதுண்டா, அல்லது எல்லோரும் சாதிவெறியர்களா?

மதிக்கிறேன். ஆந்திரே பெத்தெய்ல் தஞ்சாவூர்ப் பக்கத்து கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தவர், சாதியைப் பற்றி இந்தியாவில் மிகக் கவனமாக எழுதிய சமூகவியலாளர்களில் ஒருவர். மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஓபிசி ஒதுக்கீடு வந்தபோது, 2006-இல், தேசிய அறிவு ஆணையத்திலிருந்து விலகினார். தீண்டாமையை உடைக்கக் கொடுப்பதும், செல்வாக்குள்ள சாதிகளுக்குள் அதிகாரத்தைப் பங்கு போடக் கொடுப்பதும் வேறு வேறு என்பது அவர் வாதம். பல்கலைக்கழகம் என்பது சாதிகளின் பிரதிநிதிகள் உட்காரும் சட்டமன்றம் இல்லை, அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது, அதைக் கெடுத்துவிட்டுச் சமத்துவத்தைத் தேடக் கூடாது என்பது இன்னொன்று. முதல் பிரிவினையில் அவர் சொல்வதில் பாதி சரி என்றே நினைக்கிறேன். நிலம், லாரி, மில் எல்லாம் கையில் வைத்திருக்கும் சில பிசி சாதிகளையும், நிலமே இல்லாத நாவிதர் சமூகத்தையும் ஒரே சொல்லில் அடக்கியது நம் பட்டியலின் பழைய பலவீனம். எம்பிசி என்று தனியாக 20 சதவீதம் 1989-இல் பிரித்ததே அதனால்தான்.

அவருக்கு நான் சொல்லும் பதில், சமூகவியலாளர் சதீஷ் தேஷ்பாண்டேயின் வாதம். "பொதுப்பிரிவு" என்று நாம் சொல்வதில் சாதி இல்லாதது போலத் தோன்றுகிறது. தாத்தா காலத்துப் படிப்பும் வேலையும் தொடர்பும் பேரனிடம் வரும்போது அதன் பெயர் சாதி இல்லை, தகுதி என்று ஆகிவிடுகிறது. சாதியின் பலனை ஏற்கெனவே எடுத்து முடித்தவர், இனிமேல் சாதி வேண்டாம் என்று சொல்வது சுலபம். கேட்டு வாங்க வேண்டியவர்தான் சான்றிதழோடு வரிசையில் நின்று சாதியைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜான்சன், தூத்துக்குடி: கோட்டாவில் வந்த டாக்டரிடம் உங்கள் பேரனைக் காட்டுவீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

காட்டுகிறேன். ஒதுக்கீடு கல்லூரி வாசல் வரைக்கும்தான். உள்ளே தேர்வும் தேர்ச்சி மதிப்பெண்ணும் எல்லோருக்கும் ஒன்று. இந்திய மாநிலம் ஒன்றின் பொறியியல் கல்லூரிகளை வைத்து பாக்டே, எப்பிள், டெய்லர் செய்த ஆய்வில், தன் தகுதிக்கு மீறிய கல்லூரியில் சேர்ந்து பிள்ளைகள் தோற்றுப்போகிறார்கள் என்ற வாதத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அஷ்வினி தேஷ்பாண்டேயும் வைஸ்கோப்பும் ரயில்வேயில் 1980 முதல் 2002 வரை பார்த்தார்கள். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் பங்கு கூடிய மண்டலங்களில் உற்பத்தித்திறன் குறையவில்லை.

பஞ்சாயத்துத் தலைவி ஒருவர், தென் மாவட்டம்: நான் எஸ்சி பெண்கள் ஒதுக்கீட்டில் ஜெயித்தவள். செக்கில் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும், அவர் போட மாட்டார். கூட்டத்தில் எனக்குத் தனி நாற்காலி. இதனால் யாருக்கு என்ன கிடைத்தது அக்கா?

உங்கள் கேள்விதான் இந்த முழுத் தொகுப்பிலும் கனமானது.

முதலில் ஆய்வுகள் சொல்வது. பஞ்சாயத்தில் எந்த ஊருக்கு ஒதுக்கீடு என்பது பல மாநிலங்களில் சுழற்சியில் வருகிறது, ஊரின் குணம் பார்த்துக் கொடுப்பதில்லை. அதனால் ஒதுக்கீடு வந்த ஊரையும் வராத ஊரையும் நேராக ஒப்பிடலாம். நிவேதா கேட்ட "எதோடு ஒப்பிடுவது" என்பதற்கு இங்கே பதில் தயாராக இருக்கிறது. சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் மேற்கு வங்கத்தின் பீர்பூமிலும் ராஜஸ்தானின் உதய்பூரிலும் அப்படிச் செய்தார்கள். பெண் தலைவர் உள்ள ஊர்களில் பெண்கள் கேட்ட விஷயத்துக்குப் பணம் கூடுதலாகப் போனது, முக்கியமாகக் குடிநீருக்கு. ஆனால் பட்டியல் சாதித் தலைவர்களைப் பற்றி டன்னிங்கும் நிலேகனியும் கர்நாடகம், ராஜஸ்தான், பீகாரில் பார்த்தபோது, அந்தச் சமூக வீடுகளுக்குப் போன திட்டப் பலன்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு காரணம், கட்சியும் பணமும் யார் கையில் என்பது. தலைவர் மாறினாலும் அது மாறவில்லை.

நம் ஊரில் இதைவிட மோசமானதைப் பார்த்திருக்கிறோம். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஒதுக்கீட்டில் ஜெயித்த பட்டியல் சாதிப் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊர்களில் 1996 முதல் பத்து வருடம் பட்டியல் சாதித் தலைவர் இருக்கவே விடவில்லை. வேட்புமனுவே வராது, வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006-இல்தான் தேர்தல் முழுமையாக நடந்தது.

இதையெல்லாம் வைத்து "பயன் இல்லை" என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் சும்மா நம்பிக்கை மட்டும் இல்லை. மும்பை மாநகராட்சியில் ரிகில் பவ்னானி ஒன்று கண்டார். ஒரு முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, அடுத்த தேர்தலில் ஒதுக்கீடு நீங்கிய வார்டுகளில், பெண் ஜெயிக்கும் வாய்ப்பு அந்த முந்தைய தேர்தலில் ஒதுக்கப்படாத வார்டுகளைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. உட்கார்ந்து பழகிய நாற்காலியை மக்கள் வேறு கண்ணால் பார்க்கிறார்கள். சாதியில் இதே வேகத்தில் நடக்கிறதா என்பது வேறு. அதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

உங்கள் விஷயத்துக்கு: துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால், எந்தத் தேதியில் எந்தச் செக்குக்கு மறுத்தார் என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அந்த நகலோடு மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, மனு எண் வாங்குங்கள். தனி நாற்காலி விஷயம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடியது. வாய்மொழியாகச் சொல்லாதீர்கள் தங்கச்சி, பேச்சைக் காற்று கொண்டுபோய்விடும்.

பிரபு, வேலூர்: அம்பேத்கரே பத்து வருடம் போதும் என்றாரே. எப்போதுதான் நிறுத்துவீர்கள்?

பத்து வருடம் என்பது நாடாளுமன்ற, சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்குத்தான். அரசியல் சட்டம் 334-ஆம் பிரிவு. அதை ஒவ்வொரு முறையும் நீட்டி இப்போது 2030 வரை. படிப்புக்கும் வேலைக்கும் உள்ள 15(4), 16(4) பிரிவுகளில் காலக்கெடுவே கிடையாது.

எப்போது என்று கேட்பது தப்பில்லை. நான் பார்க்கும் இடங்கள் இரண்டு. அட்டையால் சாதிப் பத்தியை மூடிவிட்டு எடுக்கும் அந்த 31-இல், ஒரு சாதி தன் மக்கள்தொகைப் பங்குக்கு நெருக்கமாகத் தொடர்ந்து வருகிறதா? வந்தால் அந்தச் சாதிக்கு ஒதுக்கீட்டைக் குறைக்கும் பேச்சைத் தொடங்கலாம். பிசியில் சில சாதிகள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன என்பது என் கருத்து. இதைச் சொன்னால் எனக்கு வேண்டியவர்களே கோபப்படுகிறார்கள். இரண்டாவது, சாக்கடை அள்ளும் வேலைப் பட்டியலைப் பாருங்கள். அங்கே ஒரே சாதிதான் இருக்கிறது என்றால், யாரும் சட்டம் போடாமலேயே நடக்கும் நூறு சதவீத ஒதுக்கீடு அது.

ஹேமா, திண்டுக்கல்: எங்கள் ஊர்க் கல்லூரியில் இந்த வருடம் பட்டியல் சரியாகப் போட்டார்களா என்று சந்தேகம். ஆசிரியர் நியமனத்திலும். எப்படிப் பார்ப்பது டீச்சர்?

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். "முறைகேடு நடந்ததா" என்று கேட்காதீர்கள், இல்லை என்று ஒரு வரி வரும். காகிதத்தைக் கேளுங்கள்.

மாணவர் சேர்க்கைக்கு, பாடப்பிரிவு வாரியாக, சேர்ந்த ஒவ்வொருவரின் தரவரிசை எண், மதிப்பெண், வகுப்பு, எந்த ஒதுக்கீட்டில் சேர்க்கப்பட்டார் என்ற நான்கு பத்தி. பெயர் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள், மறுக்கக் காரணம் குறையும். வந்ததும் மதிப்பெண் வரிசையில் அடுக்கி, முதல் 31 சதவீதத்தில் யாராவது பிசி, எம்பிசி, எஸ்சி கணக்கில் எழுதப்பட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நியமனத்துக்கு, 200 புள்ளி இனச்சுழற்சிப் பதிவேட்டின் நகல் கேளுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பிரிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். போன நியமனம் எந்தப் புள்ளியில் நின்றது, இந்த நியமனம் எந்தப் புள்ளியில் தொடங்கியது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இடையில் புள்ளிகள் தாண்டியிருந்தால், அந்த எண்களை மட்டும் குறித்து மேல்முறையீடு செய்யுங்கள். நிரம்பாத எஸ்சி, எஸ்டி இடங்கள் எத்தனை, எத்தனை வருடமாக என்பதையும் தனி வரியில் கேளுங்கள். பதில் வந்தபின் பட்டியலோடு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.